மலாயா ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது பிரிட்டிஷ் ஆட்சிக் கால மலாயாவைப் பற்றி, அதிலும் ரப்பர் தோட்டங்களைப் பற்றி மட்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிஜி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் போனவர்களின் கதை வேறு. சட்டமும் வேறு, ஆள் சேர்த்த முறையும் வேறு.

பஞ்சம் வந்ததால்தானே போனார்கள்?

பஞ்சம் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கணக்கு உதைக்கும். எல்லோரும் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நடந்தது. ரப்பர் தோட்டங்களுக்குப் பெருங்கூட்டமாக ஆட்கள் போனதோ 1905-க்குப் பிறகு. இடையில் கிட்டத்தட்ட ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

போனவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் ஒருவருக்கு நடவுக்கும் அறுப்புக்கும்தான் வேலை, கூலி நெல்லாகவே கிடைக்கும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரிடம் வாங்கிய கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். சேரியில் பிறந்தவருக்குக் கிணறு, தெரு, கோயில் எல்லாவற்றிலும் தடை. அப்படிப்பட்டவரிடம் ஒருவர் வந்து, மாதா மாதம் கையில் காசாகவே கூலி தருவார்கள், வருஷம் முழுவதும் வேலை உண்டு என்று சொன்னால் அது சாதாரணப் பேச்சாக இருந்திருக்காது. கொஞ்சம் புன்செய் வைத்திருந்த குடும்பங்களும் போயின. மழை பொய்த்த வருஷங்களில் கப்பலில் கூட்டம் கூடியது. ஊரில் எப்போதும் இருந்த நெருக்கடியைப் பஞ்சம் ஒரு படி கூட்டியது, அவ்வளவுதான்.

ஏன் தமிழர்களையே தேடினார்கள்? அங்கே ஆளே இல்லையா?

ரப்பர் மரம் மலாயா மரமல்ல. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு விதை வந்து, அங்கே முளைத்த கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சீராக்கினார். அப்புறம் மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-ல் விலை உச்சத்துக்குப் போனபோது லண்டனில் ரப்பர் கம்பெனிகள் புற்றீசல் போலக் கிளம்பின.

நட்ட மரம் ஐந்தாறு வருஷத்தில் பாலுக்குத் தயாராகிவிடும். அதன்பிறகு ஆள் வேண்டும், அதுவும் நாள்தோறும். ஒருவர் ஒரு நாளில் 300 முதல் 400 மரம் வரை வெட்டலாம். ஏக்கருக்கு நூறு மரம் என்று வைத்தால் ஓர் ஆளுக்கு மூன்று, நான்கு ஏக்கர்தான் கணக்கு. ஆயிரம் ஏக்கர் தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் வெட்ட 250 பேருக்குமேல் வேண்டும். களை எடுக்கவும் வாய்க்கால் வெட்டவும் ஆள் இதற்குமேல்.

மலாய்க்காரர்களுக்குச் சொந்த வயலும், கம்பம் என்று சொல்லும் கிராமமும் இருந்தன. துரை சொல்லும் கூலிக்கு வந்து, லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் அடைபட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. சீனத் தொழிலாளர்கள் தங்கள் தலைவரோடு கூட்டமாகக் குத்தகை பேசி வேலை செய்வார்கள். கூலியும் அதிகம், பிடிக்காவிட்டால் வேறிடம் போய்விடுவார்கள். தமிழர்கள் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழேயே இருந்த அருகாமை நாட்டவர், கப்பல் செலவும் குறைவு. தோட்ட முதலாளிகளில் பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தமிழர்களை வேலை வாங்கிப் பழகியிருந்தார்கள். ஆள் தட்டுப்பாட்டால் கூலி ஏறும்போதெல்லாம் இன்னும் ஆட்களைக் கொண்டுவந்து கூலியைக் கீழே வைத்திருக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். “தமிழன் சாது, சொன்ன பேச்சைக் கேட்பான்” என்று துரைமார்கள் சொல்லிக்கொண்டதை நான் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 1941-ல் என்ன நடந்தது என்று கீழே வரும், பாருங்கள்.

கங்காணி என்பவர் ஆள் பிடிக்கிறவரா, சொந்தக்காரரா?

இரண்டும்தான். இந்தக் கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘சஞ்சிக்கூலி’ என்று நம் பெரியவர்கள் சொல்வது ஒப்பந்தக் கூலியை. மலாய் மொழியின் ‘ஜன்ஜி’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் போனவர்களில் பலர் சஞ்சிக்கூலிகள். குறிப்பிட்ட காலம் வேலை செய்தாக வேண்டும், ஓடினால் சிறை. மலாயாவில் இந்த முறை 1910-ல் முடிந்தது. ரப்பருக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் கங்காணி முறையில் வந்தவர்களே.

அது இப்படி நடக்கும். ஒரு தோட்டத்துக்கு ஆள் வேண்டும். துரை, அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு தமிழரைத் தேர்ந்து, அவர் பெயரில் உரிமச் சீட்டு வாங்கி ஊருக்கு அனுப்புவார். அவர் நல்ல வேட்டி கட்டி, கையில் காசோடு, தான் பிறந்த ஊருக்கே போவார். வெளியூர்க்காரனாக இருந்தால் யார் நம்புவார்கள்? இவரோ மாமன், மச்சான், பக்கத்துத் தெருக்காரர். பேச்சிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சிறு கடனிருந்தால் தீர்ப்பார், துணி வாங்கித் தருவார். 1922-ல் இந்திய அரசு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்த பிறகு கிராம முன்சீப்பின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. பிறகு நாகப்பட்டினத்திலோ சென்னைக்குப் பக்கத்து ஆவடியிலோ இருந்த முகாமுக்குக் கூட்டிப்போவார். அங்கே மருத்துவர் பார்த்து, அம்மை குத்தி, கப்பலேற்றுவார்கள்.

கப்பல் செலவு யாருடையது? 1907-ல் ஒரு பொது நிதி ஏற்பட்டது. தமிழர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தான் ஆள் சேர்க்க ஊருக்கு யாரையும் அனுப்பாவிட்டாலும்கூட, வேலை நாள் கணக்கில் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து பயணச் செலவு போகும். ஆகவே சட்டப்படி, பினாங்கில் இறங்கியவர் கடனாளி அல்ல. ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகவும் முடியும்.

ஏட்டில் அப்படி. நடப்பில், கங்காணிக்குத் ‘தலைக்காசு’ உண்டு. அவர் கொண்டுவந்த ஒவ்வோர் ஆளும் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஓரிரு காசு அவருக்குப் போகும். ஆள் படுத்துவிட்டால் அவருக்கு நஷ்டம், வேறு தோட்டம் போய்விட்டால் பெரிய நஷ்டம். சில தோட்டங்களில் மளிகைக் கடையும் அவருடையதே, கடன் புத்தகமும் அவர் கையில். குடியிருக்கும் லயம் தோட்டத்துடையது. வேலையை விட்டால் அன்றே கூரையும் போய்விடும். இதற்கெல்லாம் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

ஆனால் அதே கங்காணி முறையால்தான் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே உறவுக்காரர்கள் ஒரே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தனியாள் கூட்டமாக இருந்திருந்தால் கரைந்து போயிருப்பார்கள். தாலி எடுத்துக் கொடுக்க ஓர் அத்தை, பாடை தூக்க நான்கு பங்காளி, குலசாமி பெயர் தெரிந்த ஒரு கிழவர் என்று தோட்டத்திலேயே இருந்தார்கள். கட்டிப்போட்ட கயிறும் சேர்த்துப் பிடித்த கயிறும் ஒன்றாகவே இருந்தன.

பால் வெட்டு என்றால் உண்மையில் என்ன வேலை?

விடியுமுன் நாலரை, ஐந்து மணிக்குப் பெரட்டு. அதாவது தோட்டக் கொட்டகை முன்னால் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பதிவேட்டில் குறித்துக்கொண்டு இன்ன நிரை, இன்ன காடு என்று பிரித்துவிடுவார். தாமதமானால் அன்றைய பேர் கிடையாது.

சூரியன் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இந்த அவசரம். மரத்தில் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுத்துவிட்டு, உளியால் பட்டையை இடமிருந்து வலமாகச் சரிவாகச் சீவ வேண்டும். காகித அட்டை அளவுக்குத்தான் பட்டை போகலாம். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போய் மரத்தின் உயிர்ப்படலத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகப் புண் ஆறி, அடுத்த சுற்றில் அங்கே வெட்டவே முடியாது. மண்டோர் என்ற மேற்பார்வையாளர் வந்து பார்ப்பது இந்தக் காயத்தைத்தான். கண்டால் கூலியில் பிடிப்பு.

முந்நூறு மரம் முடித்து, மங்குக் கிண்ணங்களில் பால் சேர்ந்ததும் வாளியோடு மறுபடி அதே சுற்று. பிறகு தோளில் சுமந்து பால் கொட்டகைக்குப் போய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை. பாதி வெட்டில் மழை வந்தால் மங்கில் இருப்பதும் தண்ணீரோடு போய்விடும். பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வெட்டினார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். பெண் கூலி மட்டும் குறைவு.

எவ்வளவு சம்பளம்? ஊருக்கு அனுப்ப மிஞ்சியதா?

1920-களின் கடைசியில் முக்கிய வட்டாரங்களில் அரசு விதித்த கூலி ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. நூறு காசு ஒரு வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர். மாதம் 24 நாள் வேலை என்று போட்டால் கணவனுக்கு 12 வெள்ளி, மனைவிக்கு 9 வெள்ளி 60 காசு. குடும்பத்துக்கு 21 வெள்ளி 60 காசு. அன்றைய மாற்று விகிதத்தில் இது 33 ரூபாய்க்கு மேல். அரிசி, மளிகை, துணி, கோயில் வரி, கள், சீட்டு எல்லாம் போக, இருவரும் வேலை செய்து, நோய் வராமல் இருந்தால் மட்டும் கொஞ்சம் மிஞ்சும்.

1930-ல் ரப்பர் விலை விழுந்ததும் கூலி 40-க்கும் 32-க்கும் இறங்கியது. அதே குடும்பத்துக்கு இப்போது 17 வெள்ளி 28 காசு, அதுவும் 24 நாள் வேலை கிடைத்தால். பிறகு இன்னும் இறங்கியது. 1930 தொடங்கி மூன்று வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி கூப்பிட்டார்கள்.

அவ்வளவு பேர் செத்தார்களே, பாம்பா, புலியா?

கொசு. ஆரம்ப வருஷங்களில் லயம் லயமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். இதில் வேதனையான ஒரு விஷயம் உண்டு. காட்டை அழித்தால் காய்ச்சல் போகும் என்று நினைத்தார்கள். கடலோரச் சமவெளியில் அது ஓரளவு சரி, ஏனென்றால் அங்கே நிழலான சதுப்பில் வளரும் கொசுதான் காரணம். மலைப்பாங்கான இடத்தில் நடந்ததோ நேர்மாறு. மரத்தை வெட்டியதும் ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த நீரில் வளரும் வேறொரு கொசு பெருகியது. ரப்பருக்காகக் காடு திருத்தியதே காய்ச்சலைக் கொண்டுவந்தது. சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தார். வாய்க்கால், மண்ணுக்கடியில் குழாய், எண்ணெய் தெளிப்பு என்று வழியும் சொன்னார். செலவு செய்த தோட்டங்களில் சாவு குறைந்தது. செலவு செய்யாத இடங்களில் அடுத்த கப்பலில் ஆள் வந்தது.

கோயில்களைத் தோட்ட நிர்வாகம்தான் கட்டிக்கொடுத்ததா?

இடம் கொடுத்தது, சில இடத்தில் தகரமும் மரமும் கொடுத்தது. கோயில் இருந்தால் ஆள் ஓடமாட்டான் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் தொடங்கியது பெரும்பாலும் தொழிலாளர்களே. ஒரு மரத்தடியில் கல்லோ சூலமோ நடுவார்கள், மேலே ஓலைக் கொட்டகை. ஊரில் காய்ச்சலுக்கும் அம்மைக்கும் கும்பிட்ட மாரியம்மா, காய்ச்சல் நிறைந்த இந்தக் காட்டுக்கும் வந்து சேர்ந்தாள். தோட்டத்து எல்லையில் முனீஸ்வரன், இன்னொரு பக்கம் மதுரை வீரன், காளியம்மன்.

வருஷத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக் கரகம் எடுத்துத் தீ மிதிப்பார்கள். செலவுக்கு மாதா மாதம் கூலியில் பிடித்து அலுவலகத்தில் சேர்த்து வைப்பதுண்டு. முதல் மரியாதை துரைக்கும் பெரிய கங்காணிக்கும் போகும். இதைப் படிக்கும்போது எனக்கு உறுத்தும். ஆனாலும் அந்தச் சில நாட்களுக்குப் பெரட்டு மணி இல்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சொந்தபந்தம் வரும், பெண் பார்ப்பது நடக்கும், இரவெல்லாம் கூத்து. ஒரு கோயிலை நடத்தப் பணம் வசூலித்து, கணக்கு வைத்து, வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பழகியவர்கள்தான் பின்னால் சங்கமும் நடத்தினார்கள்.

கடல் தாண்டியதும் சாதி போய்விட்டதா?

இல்லை. பல தோட்டங்களில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு லயம் தனி. கல்யாணமும் சாதிக்குள்தான். கோயிலில் யார் எதுவரை வரலாம் என்ற சண்டை உண்டு. ஆனால் பால் கொட்டகையில் எல்லோர் வாளியும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டது, கூலியும் ஒரே கணக்கு. ஊரில் வாய் திறக்க முடியாதவர் இங்கே பேச ஆரம்பித்தார். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது இந்தப் பேச்சுக்குச் சுயமரியாதை என்ற பெயரும் கிடைத்தது. 1935-ல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ தோட்டங்களுக்கும் போனது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் கேட்பார்கள்.

தமிழ்ப் பள்ளிகள் எப்படி வந்தன?

சட்டத்தால். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. எப்படிப்பட்ட பள்ளி என்பதில் அவ்வளவு கறார் காட்டவில்லை. கிராணியோ கங்காணியோ வாத்தியாராவார், ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும் நடக்கும். வேலைக்குப் போகும் வயது வந்ததும் பிள்ளை உளி எடுக்கும். அந்தக் கொட்டகைகளைப் பெற்றோர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதால் 1957-ல் மலாயா சுதந்திரம் பெற்றபோது எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன.

இவ்வளவையும் சகித்துக்கொண்டே இருந்தார்களா? எதிர்க்கவே இல்லையா?

1941-ல் சிலாங்கூர் மாநிலம் கிள்ளான் வட்டாரத்தில் நடந்ததை விரிவாகச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் போர். ரப்பர் நல்ல விலைக்குப் போகிறது. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழருக்குக் கிடைக்கவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் என்ற அமைப்பு, ஆர். எச். நாதன் என்ற பத்திரிகையாளர் முன்நிற்க, தோட்டம் தோட்டமாக வேலை செய்தது. மார்ச் மாதத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பரவியது.

அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். சீனர்களுக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. மருத்துவம். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவது. பெண்களிடம் துரைமாரும் மேலாட்களும் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோவது. சங்கம் வைக்கும் உரிமை. இவற்றோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை.

அந்தக் கடைசிக் கோரிக்கையைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். கூலி மிச்சப்படுத்தி ஒரு சைக்கிள் வாங்கியவர், வெள்ளைக்காரர் வரும்போதெல்லாம் இறங்கி ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. மிராசுதார் எதிரே தோளில் துண்டு போடக் கூடாது என்ற ஊரிலிருந்து தப்பி வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? கள்ளுக்கடையும் அப்படித்தான். கொடுத்த கூலியில் ஒரு பங்கு தோட்டத்துக்குள்ளேயே திரும்பப் போனது, வீட்டில் பெண்கள் அடி வாங்கினார்கள்.

கூலியில் சிறு உயர்வு கிடைத்தது. ஆனால் மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லி வேலைநிறுத்தம் மறுபடி மூண்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். அரசு படையை இறக்கியது, சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

கங்காணிகள் பலர் இந்தப் போராட்டத்தில் நிர்வாகத்தின் பக்கம் நின்றார்கள். ஆள் சேர்த்தவரின் சொல் இனிச் செல்லாது என்பது அப்போது வெளிச்சமாகிவிட்டது. போருக்குப் பிறகு கெடா மாநிலத்தில் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை மறித்ததும் இதே கோபத்தின் தொடர்ச்சி.

சம்பாதித்துவிட்டு ஏன் ஊர் திரும்பவில்லை?

வெகுபேர் திரும்பினார்கள். இரண்டு, மூன்று தடவை போய்வந்தவர்களும் உண்டு. கப்பல் ஓடிய வரைக்கும் மலாயா அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த வேலைக்காடு.

அது மாறியது 1938-ல். விலை இறங்கியதென்று முதலாளிகள் கூலியைக் குறைக்கப் பார்த்தபோது, உதவித் தொகையில் தொழிலாளர் போவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி ஊருக்கு வருவது அத்தோடு நின்றது. மூன்று வருஷத்தில் ஜப்பான்காரன் வந்தான், கப்பல் போக்குவரத்தும் அறுந்தது. சயாம் – பர்மா ரயில் பாதை போட, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பெருந்தொகையினர் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். நமது ஊர்ப்பக்கம் ‘பினாங்கு போனவர் திரும்பவில்லை’ என்று சொல்லப்படும் குடும்பங்களில் சிலவற்றின் கதை இங்கேதான் முடிந்திருக்கும்.

போர் முடிந்து கப்பல் மறுபடி ஓடியபோது, லயத்தில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து உளி பிடித்திருந்தார்கள். அவர்கள் பால் குடித்த ஊர், படித்த கொட்டகை, தீ மிதித்த கோயில் எல்லாம் அங்கே இருந்தன. அப்பா அம்மாவைப் புதைத்த இடமும் அந்தத் தோட்டத்து ஓரத்தில்தான் இருந்தது.